லண்டன் ரோட்டின் கம்பிக்கூடை

மேற்கு குரோய்டன் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து வடக்கே திரும்பினால் லண்டன் ரோடு. பிராட் கிரீன் தாண்டி தோர்ன்டன் ஹீத் வரை நடந்தால் வழியெங்கும் தமிழ் எழுத்துப் பலகைகள், முருங்கைக்காய்க் கட்டுகள், வாசலிலேயே அடுக்கிய அரிசி மூட்டைகள். இந்தச் சாலையின் தொடக்கத்தில், 9/11 என்ற எண்ணில், 1950 ஜூன் 26 அன்று செயின்ஸ்பரி நிறுவனம் ஒரு சோதனையை நடத்தியது. அதுவரை அந்தக் கடைகளில் வெண்ணெய்க்கு ஒரு கவுண்டர், பன்றிக்கறிக்கு ஒரு கவுண்டர், ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை. அலன் செயின்ஸ்பரி அமெரிக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்து, கவுண்டர்களை எடுத்துவிட்டு, வாடிக்கையாளர் கையில் ஒரு கம்பிக்கூடையைக் கொடுத்தார். எடுத்துக்கொள்ளுங்கள், கடைசியில் ஒரே இடத்தில் காசு கொடுங்கள். திறப்பு நாளில் அவரே நின்று கூடைகளை நீட்டியபோது ஒரு பெண்மணி கூடையை அவர்மீதே வீசியெறிந்தார் என்று ஒரு கதை உண்டு. கடைக்காரர் செய்ய வேண்டிய வேலையை நான் ஏன் செய்ய வேண்டும் என்ற கோபம்.

கோபம் சீக்கிரமே அடங்கியது, கூடை நிலைத்தது. ஆனால் கூடை என்ற பொருளுக்கு அன்றே ஒரு குணம் வந்து சேர்ந்தது, அதைத்தான் இந்த அத்தியாயம் பேசப்போகிறது. கவுண்டரில் நிற்பவர் “அண்ணை, ஒடியல் மா என்ன விலை?” என்று கேட்டுவிட்டுப் போய்விடலாம். அது விற்பனையில் சேராது, இழப்பிலும் சேராது, யாரும் எழுதி வைக்க மாட்டார்கள். கூடையில் போட்டுவிட்டால் நிலைமை வேறு. நிறைந்த கம்பிக்கூடையை நடுக்கடையில் வைத்துவிட்டு வெளியேற யாருக்கும் மனம் வராது. வீட்டிலிருந்து நடந்து வந்தாயிற்று, கை வலிக்கத் தூக்கியாயிற்று, கல்லாவில் இருப்பவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். இத்தனையும் சேர்ந்து நம்மைப் பணம் செலுத்தும் இடத்துக்குத் தள்ளுகின்றன.

இணையக் கடை இந்தக் கூடையின் பெயரை எடுத்துக்கொண்டது, குணத்தை எடுத்துக்கொள்ளவில்லை. திரையில் இருக்கும் கூடைக்குக் கனமில்லை, அதை விட்டுப் போகிறவரை யாரும் பார்ப்பதுமில்லை. அதனால் கவுண்டரில் கேட்கும் “என்ன விலை?” என்ற கேள்விகூட இணையத்தில் ஒரு கூடையாகவே பதிவாகிறது. மொத்தம் எவ்வளவு ஆகும், டெலிவரிக்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வேறு வழியே பல கடைகளில் இல்லை. கூடையில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

கோபன்ஹேகனில் இருக்கும் பேமார்ட் நிறுவனம், பலரும் தனித்தனியாக எடுத்த கிட்டத்தட்ட 50 கணக்கெடுப்புகளைச் சேர்த்துச் சராசரி பார்த்து வருகிறது. 100 கூடைகளில் சுமார் 70 பணம் செலுத்தப்படாமலே நின்றுபோகின்றன என்பது அதன் முடிவு. இந்த 70 என்ற எண்ணை வைத்துக்கொண்டு சிறு கடைக்காரர்களைப் பயமுறுத்தி மென்பொருள் விற்பவர்கள் நிறையப் பேர். அதே பேமார்ட் நிறுவனம் அமெரிக்காவில் கேட்டபோது, மிகப் பலர் சொன்ன காரணம் “சும்மா பார்த்தேன், இன்னும் வாங்கும் நிலையில் இல்லை” என்பதுதான். அவர்களை விட்டுவிட்டு மற்றவர்களின் காரணங்களைப் பார்த்தால் பல ஆண்டுகளாக முதலிடத்தில் இருப்பது ஒன்றே: டெலிவரி, வரி, கட்டணம் என்று கடைசியில் வந்து சேரும் கூடுதல் செலவு. கட்டாயமாகக் கணக்குத் தொடங்கச் சொல்வதும், நீண்டு குழம்பிய செக்அவுட்டும் அதற்குப் பின்னால் வருகின்றன.

கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு கடை வேண்டும். லண்டன் ரோட்டிலேயே ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். எண்கள் என்னுடையவை, கடையும் என்னுடையது. முன்பக்கம் மரக்கறி, பின்னறையில் இணைய ஆர்டர்களுக்கான பெட்டிகள். யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, நல்லெண்ணெய், முறுக்கு. அக்கம்பக்கத்தில் இவை கிடைக்காத லீட்ஸிலும் கார்டிஃபிலும் இருப்பவர்கள்தான் பெரும்பாலும் இணையத்தில் வாங்குகிறார்கள். ஒரு மாதத்தில் 1,000 கூடைகள் நிரப்பப்படுகின்றன, 300 ஆர்டராகின்றன. மீதி 700.

அந்த 700ஐ ஒரே குவியலாகப் பார்ப்பதுதான் முதல் தவறு. அவை எந்தப் படியில் நின்றன என்று பிரிக்க வேண்டும். நம் கடையில் 1,000 பேரில் 480 பேர் செக்அவுட் பொத்தானை அழுத்துகிறார்கள். 420 பேர் மின்னஞ்சலும் முகவரியும் கொடுத்து அடுத்த பக்கத்துக்குப் போகிறார்கள். டெலிவரிக் கட்டணத்தைப் பார்த்த பிறகும் மீந்திருப்பவர்கள் 330. அவர்களில் 300 பேர் பணம் செலுத்தி முடிக்கிறார்கள். ஆக, 520 பேர் செக்அவுட் பக்கமே வரவில்லை. 60 பேர் படிவத்தைப் பார்த்துத் திரும்பினார்கள். 90 பேர் கட்டணத்தைப் பார்த்துப் போனார்கள். 30 பேர் அட்டை எண்ணுக்கும் வங்கிக்கும் நடுவில் காணாமல் போனார்கள்.

நினைவூட்டல் மின்னஞ்சல் யாருக்குப் போக முடியும்? முகவரி தெரிந்தவருக்கு மட்டும். அதாவது கடைசி இரண்டு கூட்டத்துக்கு, 700இல் 120 பேருக்கு. மின்னஞ்சல் மூலம் கைவிட்ட கூடைகளை மீட்டுவிடலாம் என்று சொல்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஏறத்தாழ ஆறில் ஒருவரை மட்டுமே அது எட்டுகிறது. அதிலும் 90 பேர் போனதற்குக் காரணம் மறதி அல்ல, விலை. விலையைப் பார்த்து விலகியவரிடம் “உங்கள் கூடையை மறந்துவிட்டீர்களே” என்று எழுதினால் அவர் சிரித்துக்கொள்வார். ஆகவே மெயில் எழுத உட்காருவதற்கு முன்னால் அந்த 90இன் இடத்துக்குப் போவோம்.

ராயல் மெயிலின் சிறு பார்சல் 2 கிலோவோடு முடிகிறது. அதைத் தாண்டினால் அடுத்த அளவு, அடுத்த விலை. நம் கடை 2 கிலோ வரை 4 பவுண்ட், அதற்கு மேல் 9 பவுண்ட் என்று வைத்திருக்கிறது. கார்டிஃபில் ஒருவர் அரைக் கிலோ மிளகாய்த்தூள், அரைக் கிலோ ஒடியல் மா, ஒரு கண்ணாடிப் போத்தல் நல்லெண்ணெய் எடுக்கிறார். 4 பவுண்ட் என்று காட்டுகிறது. ஒரு பாக்கெட் முறுக்கு சேர்க்கிறார். போத்தல் உடையாமல் சுற்றும் காகிதமும் அட்டைப்பெட்டியும் சேர்ந்து எடை 2 கிலோவைத் தாண்டுகிறது. கட்டணம் 9 ஆகிறது. அவர் கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான்: முறுக்கு 2 பவுண்ட், அதை வாங்கியதற்கு 5 பவுண்ட் அபராதம். அவர் போய்விடுகிறார், முறுக்கை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இதற்கு மருந்து கட்டணத்தைக் குறைப்பது மட்டுமல்ல. எப்போது தெரிகிறது என்பதை மாற்றினாலே பாதி கோபம் போய்விடும். பொருளின் பக்கத்திலேயே “2 கிலோ வரை டெலிவரி 4 பவுண்ட், அதற்கு மேல் 9” என்று எழுதலாம். கூடையின் ஓரத்தில் “இன்னும் 300 கிராம் வரை இதே கட்டணம்” என்று காட்டலாம். பிரிட்டனில் இது இப்போது நல்ல பழக்கம் என்ற அளவைத் தாண்டிவிட்டது. 2024ஆம் ஆண்டின் டிஜிட்டல் சந்தைகள், போட்டி, நுகர்வோர் சட்டத்தின்படி 2025 ஏப்ரல் 6 முதல், தவிர்க்க முடியாத கட்டணங்களை மறைத்துக் குறைந்த விலையைக் காட்டிக் கடைசியில் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பது தடை. கட்டணத்தை முன்கூட்டிச் சொல்ல முடியாதபோது, அது எப்படிக் கணக்கிடப்படும் என்பதையாவது தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இந்த மாற்றத்தைச் செய்த பிறகு ஒரு பொறி காத்திருக்கிறது. கட்டணம் முன்பே தெரிந்தால் சிலர் கூடையையே நிரப்ப மாட்டார்கள். அடுத்த மாதம் கூடைகள் 700, ஆர்டர்கள் 270 என்று வைத்துக்கொள்ளுங்கள். கைவிடும் விகிதம் 70 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 61ஆகக் குறைந்திருக்கும். திரையில் பச்சை அம்புக்குறி காட்டும். ஆனால் ஆர்டர் 30 குறைந்திருக்கிறது. விகிதத்தின் அடியில் இருக்கும் எண்ணும் சேர்ந்து மாறியதால் வந்த மாயை இது. கடைக்கு வந்த மொத்தப் பேரில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இனி படிவத்தைப் பார்த்துத் திரும்பிய 60 பேர். இவர்களைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கதை இருக்கிறது. பயன்பாட்டு ஆய்வாளர் ஜாரெட் ஸ்பூல் 2009இல் எழுதியது, கடையின் பெயரை அவர் சொல்லவில்லை. பெரிய அமெரிக்க இணையக் கடை ஒன்றில் செக்அவுட்டுக்கு முன்னால் ஒரு சின்னப் படிவம்: மின்னஞ்சல், கடவுச்சொல், ‘லாகின்’, ‘ரெஜிஸ்டர்’ என இரண்டு பொத்தான்கள், கடவுச்சொல் மறந்தவர்களுக்கு ஓர் இணைப்பு. முதல்முறை வருகிறவர் கணக்குத் தொடங்க வெறுத்தார். ஏற்கெனவே வாங்கியவரோ எந்த மின்னஞ்சலில் தொடங்கினோம் என்பதை மறந்திருந்தார். பதிவேட்டைப் பார்த்தபோது வாடிக்கையாளர்களில் 45 சதவீதம் பேருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகள் இருந்தன. ‘ரெஜிஸ்டர்’ பொத்தானை எடுத்துவிட்டு ‘தொடர்க’ என்று ஒன்றை வைத்தார்கள், வாங்குவதற்குக் கணக்கு தேவையில்லை என்று ஒரு வரி எழுதினார்கள். வாங்கி முடித்தவர்கள் எண்ணிக்கை 45 சதவீதம் கூடியது, முதலாண்டில் 30 கோடி டாலர் கூடுதல் விற்பனை. அவ்வளவு பெரிய கடையில் ஒரு பொத்தானுக்குக் கிடைத்த பலன் நம் பின்னறைக் கடைக்கும் அதே விகிதத்தில் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். கணக்கு வேண்டுமா என்ற கேள்வியைப் பணம் வாங்கிய பிறகு கேட்டால் எதுவும் கெட்டுப்போவதில்லை என்பது மட்டும் உறுதி.

குரோய்டனுக்கென்றே படிவத்தில் சில முட்கள் உண்டு. முதல் முள் போஸ்ட்கோட். குரோய்டனின் பெரும்பகுதிக்கு அது CR0 என்று தொடங்கும், கடைசியில் இருப்பது பூஜ்யம். எத்தனையோ பேர் அதை ஓ என்ற எழுத்தாக அடிக்கிறார்கள். பேச்சிலும் ‘சீ ஆர் ஓ’தான். கண்டிப்பான படிவம் ‘தவறான போஸ்ட்கோட்’ என்று சிவப்பில் கத்தும். அடித்தவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே வட்டம், என்ன தவறு என்றே தெரியாது. அந்த இடத்தில் எழுத்து வர முடியாது என்பது நிரலுக்குத் தெரியும், ஆகவே அதுவே திருத்திக்கொள்ளலாம். இரண்டாவது முள் ‘கவுண்டி’ என்ற கட்டாயப் பெட்டி. குரோய்டன் 1965 முதல் லண்டன் பெருநகரப் பகுதி, ஆனால் சர்ரே என்று எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. எதை எழுதுவது என்று ஒருவர் யோசித்து நிற்கிறார். அஞ்சலுக்கு அது தேவையே இல்லை. ராயல் மெயில் 1996லேயே கவுண்டியைக் கைவிட்டுவிட்டது. அந்தப் பெட்டியையும் நீக்கிவிடலாம்.

மூன்றாவது முள் நமக்கு மட்டும் குத்துவது: முதல் பெயர், கடைசிப் பெயர். என் அப்பாவின் பெயர் எனக்கு முன்னாலா பின்னாலா என்பதை ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு விதமாக முடிவுசெய்து வைத்திருக்கிறது. ஓரெழுத்து முதலெழுத்தை ‘மிகச் சிறிய பெயர்’ என்று நிராகரித்த படிவமும் பார்த்திருக்கிறேன். வங்கி அட்டையில் ஒரு வரிசை, கடவுச்சீட்டில் இன்னொரு வரிசை. பார்சலில் ஒட்டுவதற்கு ஒரே ஒரு பெயர்ப்பெட்டி போதும்.

இப்படி எண்ணிக்கொண்டே போனால் மின்னஞ்சல், பெயர், முகவரி வரி, ஊர், போஸ்ட்கோட், அட்டை எண், காலாவதித் தேதி, பாதுகாப்பு எண் என எட்டில் வந்து நிற்கும். பேமார்டும் பெரும்பாலான கடைகளுக்கு எட்டே போதும் என்கிறது, அமெரிக்கத் தளங்களின் சராசரி பதினொன்றுக்கும் மேல். எட்டையும் கையால் அடிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் என்ன கேட்கிறோம் என்று உலாவிக்குப் புரியும்படி குறித்தால், தொலைபேசியில் ஏற்கெனவே இருக்கும் விவரத்தை அதுவே நிரப்பிவிடும்:

```html
<input type="email" autocomplete="email">
<input autocomplete="shipping postal-code">
<input inputmode="numeric" autocomplete="cc-number">
```

பல கடைகளில் இந்தக் குறிப்பு விடுபட்டிருக்கும், அல்லது தவறாக இருக்கும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி, கடைக்காரரே தன் தொலைபேசியில், ஒரு கையில் தேநீரோடு, தன் கடையில் ஒரு பொருள் வாங்கிப் பார்ப்பது. அட்டை எண் பெட்டியைத் தொட்டதும் எண் பலகை வராமல் எழுத்துப் பலகை வந்தால் கோளாறு அங்கேதான்.

பணம் செலுத்தும் படியில் நின்ற 30 பேரின் கதை வேறு. பிரிட்டனில் 2022 மார்ச் முதல் இணைய அட்டைப் பரிமாற்றங்களில் வாடிக்கையாளரை இரண்டு வகையில் உறுதிசெய்வது கட்டாயமாக்கப்பட்டது. வங்கிச் செயலியில் ஒப்புதல் கேட்கும், அல்லது குறுஞ்செய்தியில் ஒரு எண் வரும். செயலிக்குத் தாவியவர் திரும்பி வரும்போது கடையின் பக்கம் புதுப்பிக்கப்பட்டு வெறுமையாக இருக்கும், அல்லது சமையலறையில் குக்கர் விசில் அடிக்கும். இவர்கள் வாங்க முடிவுசெய்துவிட்டவர்கள். நினைவூட்டல் என்ற சொல் உண்மையில் பொருந்துவது இவர்களுக்குத்தான்.

பாதியில் விட்ட வேலையைப் பற்றி உளவியலில் ஒரு பழைய முடிவு அடிக்கடி மேற்கோளாக வரும். பெர்லினில் குர்ட் லெவினின் மாணவி புளூமா ஸெய்கார்னிக் 1927இல், முடித்த வேலைகளைவிடப் பாதியில் நிறுத்திய வேலைகள் நன்றாக நினைவில் நிற்கின்றன என்று கண்டார். கைவிட்ட கூடை மெயில்கள் வேலை செய்வதற்கு இதுவே காரணம் என்று விளம்பரத் துறையில் சொல்வார்கள். ஆனால் அந்த நினைவு விளைவு பிற்காலச் சோதனைகளில் உறுதியாக நிற்கவில்லை. 2025இல் பழைய சோதனைகளையெல்லாம் சேர்த்து ஆராய்ந்தபோதும் நினைவில் அப்படி ஒரு சாதகம் தென்படவில்லை. அதே லெவினின் இன்னொரு மாணவி மரியா ஓவ்ஸியாங்கினா 1928இல் கண்டதுதான் தாக்குப்பிடித்தது: பாதியில் தடைப்பட்ட வேலையை, வாய்ப்புக் கிடைத்தால் மனிதர்கள் தாமாகவே மீண்டும் எடுத்துச் செய்ய முனைகிறார்கள். நம் விஷயத்துக்கு இந்த வேறுபாடு முக்கியம். மறந்துவிட்டார் என்று எண்ணி மெயிலில் கெஞ்சுவதை விட, விட்ட இடத்திலிருந்து ஒரே தொடுதலில் தொடரும் வழியைக் கொடுப்பதே பொருத்தம். மெயிலில் இருக்கும் இணைப்பை அழுத்தினால் அதே பொருட்கள், அதே அளவு, முகவரி நிரப்பியபடி, பணம் செலுத்தும் பக்கம் திறக்க வேண்டும். லாகின் கேட்டால் பாதிப் பேர் மறுபடியும் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

எப்போது அனுப்புவது? முதல் மெயிலுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்பது நடைமுறையில் நிலைத்துவிட்ட கணக்கு. ஐந்து நிமிடத்தில் அனுப்பினால் அவர் இன்னும் கடையிலேயே இருக்கக்கூடும், தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பதுபோல இருக்கும். மூன்று நாள் கழித்தால் வேறு கடையில் வாங்கியிருப்பார். அட்டை நிராகரிக்கப்பட்டவருக்கு மட்டும் விதிவிலக்கு. “பணம் எடுக்கப்படவில்லை, கூடை அப்படியே இருக்கிறது” என்று உடனே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு முறை பணம் போய்விட்டதோ என்று கலங்குவார். மறுநாள் ஒரு மெயில். அதற்கு மேல் மூன்றாவது, நான்காவது அனுப்புகிறவர்கள் உண்டு. நான் அனுப்ப மாட்டேன். எரிச்சலில் ‘ஸ்பேம்’ பொத்தானை அழுத்துகிறவர்கள் கூடினால் ஆர்டர் உறுதி செய்யும் மெயில்கள்கூடக் குப்பைப் பெட்டிக்குப் போகத் தொடங்கும்.

மென்பொருளில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. கூடை நின்றவுடன் மெயிலை வரிசையில் போட்டுவிட்டு, அனுப்பும் நொடியில் மறுபடி பார்ப்பதில்லை. அதற்குள் அவர் மனைவியின் தொலைபேசியிலிருந்து வாங்கி முடித்திருப்பார், அல்லது கடைக்கே போன் செய்து சொல்லியிருப்பார். பணம் கட்டியவருக்கு “உங்கள் கூடை காத்திருக்கிறது” என்று போகும். அனுப்புவதற்கு முந்தைய நொடியில் ஆர்டர் வந்ததா, பொருள் இருப்பில் உள்ளதா, விலை மாறியதா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும்.

சட்டமும் நேரத்தைப் போலவே முக்கியம். இத்தகைய மெயில் பிரிட்டனில் விளம்பரமாகவே கருதப்படும், 2003ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு தனியுரிமை விதிகளுக்குள் வரும். சம்மதம் இல்லாமல் அனுப்ப ஒரு வாசல்தான் இருக்கிறது. விற்பனையின்போதோ விற்பனைக்கான பேச்சின்போதோ முகவரியை அவரே கொடுத்திருக்க வேண்டும். அதே வகைப் பொருளைப் பற்றித்தான் எழுத வேண்டும். முகவரி வாங்கும் இடத்திலேயும் ஒவ்வொரு மெயிலிலேயும் ‘வேண்டாம்’ என்று சொல்ல எளிய வழி இருக்க வேண்டும். வெறுமனே பொருட்களைப் புரட்டிப் பார்த்தது பேச்சாகாது. இதைவிட மோசமான பழக்கம், பொத்தானை அழுத்தும் முன்பே பெட்டியில் அடித்த எழுத்துகளைத் திருடிக்கொள்வது. ராட்பவுட், லூவன், லோசான் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வுக்காக ஒரு லட்சம் பிரபலத் தளங்களைச் சோதித்தபோது, ஐரோப்பாவிலிருந்து பார்த்தால் 1,844 தளங்களிலும் அமெரிக்காவிலிருந்து பார்த்தால் 2,950 தளங்களிலும், சமர்ப்பிக்காத மின்னஞ்சல் பின்தொடர்வோர் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. நம் படிவத்தைப் பார்த்துத் திரும்பிப் போன அந்த 60 பேரின் முகவரி இப்படிக் கிடைக்கும் என்று யாராவது ஆசை காட்டினால் மறுத்துவிட வேண்டும்.

இப்போது நம் கடையில் மெயில் ஓடத் தொடங்கிவிட்டது. மாத முடிவில் மென்பொருளின் பலகை சொல்கிறது: இத்தனை கூடைகள் ‘மீட்கப்பட்டன’. எனக்கு இந்த இடத்தில்தான் சந்தேகம் கிளம்பும். மெயில் போகாவிட்டாலும் அவர்களில் எத்தனை பேர் வந்திருப்பார்கள்? குக்கரை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தவரைக்கூட மெயில்தான் கூட்டிவந்தது என்று பலகை கணக்கில் எழுதிக்கொள்கிறது. எத்தனை பேர் மெயிலைத் திறந்தார்கள் என்ற எண்ணும் உதவாது. 2021 இறுதியிலிருந்து ஆப்பிளின் மெயில் செயலி படங்களை முன்கூட்டியே தானாக இறக்கிக்கொள்வதால், திறக்காத மெயிலும் திறந்ததாகக் காட்டும்.

மருந்துச் சோதனையில் செய்வதைத்தான் இங்கேயும் செய்ய வேண்டும். மாதம் வரும் 120 பேரை நாணயம் சுண்டியதுபோல இரண்டாகப் பிரிக்கிறோம். 60 பேருக்கு மெயில், 60 பேருக்கு ஒன்றுமில்லை. ஒருவரை ஒருமுறை எந்தப் பக்கம் சேர்த்தோமோ அவர் எப்போதும் அந்தப் பக்கமே. ஏழு நாளுக்குள் வாங்கினார்களா என்று இரு பக்கமும் எண்ணுகிறோம். மெயிலைத் திறந்தார்களா என்று பார்ப்பதே இல்லை. மெயில் போன பக்கம் 13 பேர் வாங்கினார்கள், போகாத பக்கம் 9 பேர். பலகை 13 என்று சொல்லும். மெயில் கொண்டுவந்தது 4.

அந்த 4ஐயும் நம்பலாமா? ஒரு மாதக் கணக்கில் நம்ப முடியாது. 60 பேர் கொண்ட இரு குழுக்களில் 9க்கும் 13க்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாகவே வந்துபோகக்கூடியது. 15 சதவீதத்தையும் 22 சதவீதத்தையும் ஓரளவு நம்பிக்கையோடு பிரித்துச் சொல்ல வேண்டுமென்றால் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 480 பேர் வேண்டும். மாதம் 120 பேர் வரும் கடைக்கு அது எட்டு மாதம். பெரிய கடைகள் ஒரே பகலில் முடிக்கும் சோதனை இது. சிறு கடைக்காரர் மெயிலின் எழுத்து நிறத்தையும் தலைப்பையும் மாற்றி மாற்றிச் சோதிப்பதில் அர்த்தமில்லை என்பதற்கும் இதே எண்தான் காரணம். அந்தச் சின்ன வித்தியாசங்களைக் காட்டுமளவுக்கு அவரிடம் ஆட்கள் இல்லை.

சாதாரண மெயிலுக்குச் செலவு அதிகமில்லை, எட்டு மாதம் காத்திருக்கலாம். தள்ளுபடி சேர்த்தால் கணக்கு உடனே கசக்கும். கூடையின் சராசரி மதிப்பு 35 பவுண்ட், அதில் கடைக்கு நிற்பது நான்கில் ஒரு பங்கு, 8 பவுண்ட் 75 பென்ஸ் என்று வைப்போம். மெயிலில் 10 சதவீதத் தள்ளுபடி கொடுக்கிறோம், வந்தவர்கள் அதே 13 பேர். மெயிலால் கூடுதலாக வந்த 4 பேரிடம் கிடைப்பது 35 பவுண்ட். தள்ளுபடியோ 13 பேருக்கும் போகிறது, ஆளுக்கு மூன்றரை பவுண்ட், மொத்தம் 45 பவுண்ட் 50 பென்ஸ். பத்தரை பவுண்ட் நஷ்டம், பலகையில் 13 வெற்றிகள். தள்ளுபடியால் இன்னும் மூன்று பேர் கூடுதலாக வந்தால் கணக்கு இலாபத்துக்குத் திரும்பும், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் பழைய வாடிக்கையாளர்கள் கூடையை நிரப்பிவிட்டு வேண்டுமென்றே ஒரு மணி நேரம் காத்திருக்கப் பழகியிருப்பார்கள். லண்டன் ரோட்டில் பேரம் பேசிப் பழகியவர்களுக்கு இதைக் கற்றுக்கொள்ள அதிக நாள் ஆகாது.

எட்டு மாதச் சோதனையில் ஒரு வாரத்தை மட்டும் கணக்கிலிருந்து தள்ளி வைத்துவிடுவேன், தைப்பொங்கலுக்கு முந்தைய வாரம். ஜனவரி 10ஆம் தேதி இரவு ஒருவர் பானை, பச்சரிசி, சர்க்கரை, கரும்பு என்று கூடையை நிரப்பி நிறுத்துகிறார். வழக்கப்படி ஒரு மெயில் அன்றிரவே, அடுத்தது மறுநாள். ஆனால் பானை உடையாமல் லீட்ஸ் போய்ச் சேர இரண்டு நாள் வேண்டும், நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் மூன்று. அவர் அந்த இரண்டாவது மெயிலைப் பார்த்து, பணம் கட்டி, பெட்டி பொங்கலுக்கு மறுநாள் வந்து சேர்ந்தால் கடைக்கு ஒரு ஆர்டர் கூடும், ஒரு வாடிக்கையாளர் போய்விடுவார். ஆகவே அந்த வாரம் மெயிலின் நேரத்தை ஒரு மணி, ஒரு நாள் என்ற கணக்கு தீர்மானிக்காது. பின்னறையில் கடைசிப் பெட்டியை வேன்காரர் எடுத்துப்போகும் மாலை நான்கு மணிதான் தீர்மானிக்கும். அதற்கு முன் அனுப்பும் மெயிலின் முதல் வரி: “இன்று மாலை நான்குக்குள் ஆர்டர் செய்தால் பொங்கலுக்கு முன் வரும்.” நான்கு அடித்த பிறகு பானை இருக்கும் கூடைகளுக்கு மெயிலே போகாதபடி நிறுத்திவிட வேண்டும்.